ஈ எவ்வளவு நேரம் பறந்தது?

வேகம், தூரம், நேரம் பாடத்தை முடிக்கும் நாளில் நான் தவறாமல் போர்டில் எழுதும் கணக்கு ஒன்று உண்டு. 100 கி.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராகப் புறப்படுகின்றன. இரண்டுக்கும் மணிக்கு 50 கி.மீ. வேகம். அதே கணத்தில் முதல் ரயிலின் முகப்பிலிருந்து ஓர் ஈ மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. இரண்டாவது ரயிலைத் தொட்டவுடன் திரும்புகிறது, முதல் ரயிலைத் தொட்டவுடன் மறுபடி திரும்புகிறது. ரயில்கள் மோதும்வரை இப்படியே போய்வருகிறது. ஈ பறந்த மொத்தத் தூரம் எவ்வளவு?

எழுதி முடித்துவிட்டு நான் பேசாமல் நின்றுவிடுவேன். கிட்டத்தட்ட எல்லா நோட்டிலும் முதலில் விழுவது ஒரு கோணல்மாணல் கோடு. கணக்கைச் சொல்லும் விதமே அதற்குக் காரணம். "தொடுகிறது, திரும்புகிறது" என்று சொன்னால் மனம் ஈயின் பின்னாலேயே ஓடுகிறது. கேள்வியும் தூரத்தைத்தான் கேட்கிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கூட்டத் தோன்றுவது இயல்பு.

அந்த வழியை நான் தடுப்பதில்லை. அதில் போனால் விடை கிடைக்காமலும் இல்லை. ஈயும் இரண்டாவது ரயிலும் மணிக்கு 125 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன. எனவே முதல் பறப்புக்கு 48 நிமிடம், அதாவது 60 கி.மீ. அதற்குள் ரயில்கள் இரண்டும் சேர்ந்து 80 கி.மீ. கடந்துவிட, இடைவெளி 20 கி.மீ. ஆகச் சுருங்கிவிடும். தொடக்கத்தில் இருந்ததில் அது ஐந்தில் ஒரு பங்கு. அங்கிருந்து அதே கதைதான் ஐந்தில் ஒரு பங்கு அளவில் திரும்ப நடக்கிறது: 60, 12, 2.4, 0.48 என்று தூரங்கள் குறைந்துகொண்டே போகும். இது பொது விகிதம் ஐந்தில் ஒன்றாக உள்ள முடிவில்லாப் பெருக்குத் தொடர். கூட்டினால் 75 கி.மீ.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். ரயில்கள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நெருங்குகின்றன, இடையில் இருப்பது 100 கி.மீ. ஒரு மணி நேரத்தில் மோதும். ஈ அந்த ஒரு மணி நேரமும் ஓயாமல் பறக்கிறது. அதன் வேகம் 75. விடையும் 75 கி.மீ.

இரண்டாவது வழி சுருக்கமானது என்பதை விட, ஏன் சுருக்கமானது என்பதுதான் வகுப்பில் நான் நேரம் செலவழிக்கும் இடம். ஒவ்வொரு பறப்பிலும் தூரம் மாறுகிறது, திசை மாறுகிறது, ரயில்கள் நிற்கும் இடம் மாறுகிறது. மாறாமல் இருப்பது ஈயின் வேகம் ஒன்றுதான். வேகம் மாறாதபோது தூரத்தை முடிவு செய்ய மொத்த நேரம் ஒன்றே போதும். அந்த நேரம் ஈக்கும் இரண்டு ரயில்களுக்கும் பொதுவானது, அதை ஈயைப் பற்றி எதுவுமே தெரியாமல் ரயில்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஈ எத்தனை முறை திரும்பியது என்ற கேள்வி கணக்குக்குள் நுழைவதே இல்லை.

இந்தக் கணக்கைப் பேசினால் கணித மேதை ஜான் வான் நாய்மன் பற்றிய கதையும் கூடவே வந்துவிடும். அவரிடம் இதைக் கேட்டார்களாம், நொடியில் விடை சொன்னாராம். சூட்சுமம் முன்பே தெரியுமா என்று கேட்டதற்கு, என்ன சூட்சுமம், தொடரைத்தான் கூட்டினேன் என்றாராம். இதை அவருடைய அசாத்திய வேகத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு வியப்பாகப் படவில்லை. இரண்டு ரயிலுக்கும் ஒரே வேகம் என்றால், விகிதம் கண்ணில் பட்ட அடுத்த கணமே தொடர் ஒரு வரியில் முடிந்துவிடும். ரயில்களின் வேகம் 60, 40 என்று வேறுபட்டால் போகும்போது ஒரு விகிதம், வரும்போது ஒரு விகிதம் என்று தொடர் இரண்டாகப் பின்னிக்கொள்ளும். நேரவழியில் அப்போதும் ஒரே ஒரு பெருக்கல்தான்.

ஒருமுறை பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், காத்து அடிச்சா?" அன்றிலிருந்து இந்தக் கணக்கின் மிக நல்ல பகுதியாக நான் நினைப்பது அவளுடைய கேள்வியைத்தான்.

முதல் ரயிலிலிருந்து இரண்டாவதை நோக்கி மணிக்கு 15 கி.மீ. காற்று வீசுகிறது என்று வைப்போம். ஈக்குப் போகும்போது 90, திரும்பும்போது 60. ரயில்களைக் காற்று பாதிக்கவில்லை. சராசரி 75தானே, விடை மாறாது என்று வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். ஈ இரு திசையிலும் சம நேரம் பறந்தால்தான் அந்தச் சராசரி செல்லும். இங்கே அப்படி இல்லை.

ஆனாலும் தொடருக்கு ஓட வேண்டியதில்லை. மொத்த நேரம் இப்போதும் ஒரு மணிதான். இன்னொன்றும் நமக்குத் தெரியும்: ஈ கடைசியில் இருக்கும் இடம் ரயில்கள் மோதும் இடம், அதாவது கிளம்பிய இடத்திலிருந்து 50 கி.மீ. காற்றோடு பறந்த நேரம் `t` மணி என்றால், எதிர்த்துப் பறந்தது `1 - t`. முன்னே போனதில் பின்னே வந்ததைக் கழித்தால் 50 வர வேண்டும்:

```
90t - 60(1 - t) = 50
150t = 110
```

`t` என்பது 44 நிமிடம், மீதி 16 நிமிடம். முன்னே 66 கி.மீ., பின்னே 16 கி.மீ., ஆக மொத்தம் 82 கி.மீ. அதே ஈ இரண்டாவது ரயிலிலிருந்து கிளம்பியிருந்தால் காற்றை எதிர்த்து 56 நிமிடம், காற்றோடு வெறும் 4 நிமிடம். மொத்தம் 62 கி.மீ.தான். காற்று இல்லாதபோது எந்த ரயிலிலிருந்து கிளம்பினாலும் விடை ஒன்றே, காற்று வந்ததும் 20 கி.மீ. வித்தியாசம். இவ்வளவுக்கும் காற்றை வைத்து அளந்தால் ஈ இரண்டு முறையும் பறந்தது சரியாக 75 கி.மீ. நாம் 82, 62 என்று அளப்பது தரையை வைத்து.

காற்றைக் கூட்டிக்கொண்டே போகலாமா? மணிக்கு 30 கி.மீ. காற்று என்று போடுங்கள். போகும்போது 105, வரும்போது 45. சமன்பாடு தயங்காமல் விடை தரும்: காற்றோடு 38 நிமிடம், எதிர்த்து 22 நிமிடம், மொத்தம் 83 கி.மீ. பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டாவது ரயிலின் வேகம் 50. 45 கி.மீ. வேகத்தில் திரும்பும் ஈயால் அந்த ரயிலின் முகப்பை விட்டு விலகவே முடியாது. போய்வருதல் நடக்கவேயில்லை.

இதைச் சமன்பாடு காட்டிக்கொடுக்காது, முதல் பறப்பு காட்டிக்கொடுக்கும். 100 கி.மீ. இடைவெளி, நெருங்கும் வேகம் 155. அந்த ஒரு பறப்புக்கே 38 நிமிடத்துக்கு மேல், ஏறக்குறைய 38 நிமிடம் 43 விநாடி ஆகிறது. காற்றோடு பறந்த மொத்த நேரமே 38 நிமிடம் என்று சமன்பாடு சொன்னதோடு அது ஒத்துவரவில்லை. அதனால் நேரவழியில் விடை எழுதுபவர்களிடமும் ஓரத்தில் முதல் பறப்பை மட்டும் போட்டுக் காட்டச் சொல்கிறேன். தொடரின் மீதியை யாரும் எழுத வேண்டாம்.