மூன்றாம் முறை எடுத்த சரிவுப் படம்

கொழும்பில் எலும்பு முறிவு விடுதியில் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, ஒரு நோயாளியை எக்ஸ்ரே அறைக்கு மூன்று தடவை அனுப்ப நேர்ந்தது. முதல் இரண்டு பயணங்களும் வீணானதற்கு நான் எழுதிக் கொடுத்த படிவமே காரணம் என்பது இன்றும் உறுத்துகிறது.

வெள்ளவத்தையில் மோட்டார் சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் விழுந்தவர். தொடையெலும்பின் தலை பொருந்தும் இடது இடுப்புக் கிண்ணம் முறிந்திருந்தது. கிண்ணத்தை முன்னும் பின்னும் இரண்டு எலும்புத் தூண்கள் தாங்குகின்றன. நேர்ப்படத்தில் முன் தூணைக் காட்டும் கோடும் பின் தூணைக் காட்டும் கோடும் அறுந்திருந்தன, கீழே இடுப்பெலும்பின் பெரிய துளையான ஒப்டியூரேட்டர் துளையைச் சுற்றிய எலும்பு வளையமும் உடைந்திருந்தது. இரண்டு கோடுகளும் அறுந்தால் இரண்டு தூண்களும் முழுதாகக் கழன்றுவிட்டன என்று கொள்ளக் கூடாது. 'டீ' வடிவ முறிவிலும் இதே தோற்றம்தான், ஆனால் அதில் கிண்ணக் கூரையின் ஒரு பகுதி முதுகெலும்போடு இணைந்த எலும்பிலேயே நிற்கும். இரு தூண் முறிவில் மூட்டுப் பரப்பின் எந்தத் துண்டும் அப்படி நிற்காது.

இதைப் பிரித்தறியத்தான் ஜூடே சகோதரர்களும் லெத்தூர்னெலும் 1964இல் விவரித்த 45 பாகைச் சரிவுப் படங்கள் தேவை. நானோ "இடுப்பு, சரிவுப் படம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தப் பக்கத்தை உயர்த்த வேண்டும் என்று குறிப்பிடாததால் முதலில் நல்ல பக்கத்தை உயர்த்தி எடுத்தார்கள். அது பின் தூணுக்கான படம், தேவையானதுதான், ஆனால் அன்றைய கேள்விக்கு விடை தராது. இரண்டாம் முறை காயப்பட்ட பக்கத்தை உயர்த்தியபோது அவர் வலியில் துடித்ததால் பாதிச் சரிவிலேயே எடுத்துவிட்டார்கள். ஒப்டியூரேட்டர் துளை ஒடுங்கிய பிளவாகவும், இடுப்பெலும்பின் மேற்பகுதியான இறக்கை இன்னும் அகலமாகவும் தெரிந்ததிலிருந்தே சரிவு போதவில்லை என்று நான் கண்டிருக்க வேண்டும். அதை விட்டு 'டீ' முறிவு என்று முடிவுசெய்து, பின்புறமாகத் திறந்து அறுவைச் சிகிச்சை செய்யும் கொக்கர்-லாங்கன்பெக் வழியைத் திட்டத்தில் எழுதினேன். விசேட வைத்திய நிபுணர் படத்தைப் பார்த்ததும், "துளை வட்டமாகத் தெரியாத படத்தை வைத்து வழியைத் தீர்மானிக்காதீர்கள்" என்று திருப்பி அனுப்பினார்.

மூன்றாம் முறை அரை மணி நேரத்துக்கு முன்பே வலிநிவாரணி கொடுத்து, 45 பாகை நுரை ஆப்பை நானே தூக்கிச் சென்றேன். "ஐயா, உடம்பை நீங்கள் திருப்ப வேண்டாம், நாங்கள் திருப்புகிறோம்" என்று சொல்லி, ஒருவர் தோளையும் மற்றவர் இடுப்பையும் பிடித்து ஒரே அசைவில் உருட்டினோம். இம்முறை துளை அகன்று தெரிந்தது. கிண்ணத்துக்கு மேலே, இடம் மாறாமல் நின்ற இறக்கையின் கீழ்நுனி ஒரு முள்ளைப் போல வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த முள்தான் இரு தூண் முறிவின் அடையாளம், சி.டி. படமும் அதையே உறுதிப்படுத்தியது.

திட்டம் முழுவதுமாக மாறியது. இத்தகைய முறிவை மேலே இறக்கையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் பொருத்த வேண்டும், பின்புற வழியில் அந்த இறக்கை முறிவு எட்டாது. பின் சுவர் தனித்துண்டாக விலகியிருக்கவில்லை என்பதால் முன்புற இலியோஇங்குவினல் வழி ஒன்றே போதுமாயிற்று. அறுவைச் சிகிச்சை தடங்கலின்றி முடிந்தது.

இப்போது என் படிவங்களில் "இடது பக்கம் உயர்த்தி, 45 பாகை, ஒப்டியூரேட்டர் துளை முழுதாகத் தெரிய வேண்டும்" என்பதுபோல எழுதுகிறேன், வலிநிவாரணி கொடுத்த நேரத்தையும் அதற்குக் கீழே குறிக்கிறேன்.