ஃபார்ம் 16-இல் இல்லாத வருமானம்

2024-25 நிதியாண்டுக்கான சம்பள வரிச் சான்றான ஃபார்ம் 16 கைக்கு வந்ததும், அலுவலகத்திலேயே வரி பிடித்துவிட்டார்களே, எளிய வருமான வரிப் படிவமான ஐடிஆர்-1-ஐ அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சம்பளம் 11,40,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக, 62,140 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

நம் பெயரில் பதிவான வருமானங்களைத் திரட்டிக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையை வருமான வரித் தளத்தில் திறந்தபோதுதான் வைப்புநிதி வட்டி 41,300 என்று கண்ணில் பட்டது. அது முதிர்வில் மொத்தமாகத் தரும் டெபாசிட். பாஸ்புக்கில் ஒரு பைசாகூட வரவு இல்லாததால் எனக்கு நினைவே இல்லை. ஆனால் வங்கி அந்த வருடம் சேர்ந்த வட்டிக்கு 10 சதவீத வரியை டிடிஎஸ்ஸாகப் பிடித்துக் கட்டியிருந்தது. அந்த 4,130-ஐ நாம் கழித்துக்கொள்ள வேண்டுமானால் வட்டியையும் காட்டியாக வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டி 3,270-ஐயும் இதோடு சேர்த்தேன்.

வாடகை ஏஐஎஸ்ஸில் வரவில்லை. மாதம் 12,000 தரும் குடித்தனக்காரர் டிடிஎஸ் பிடிக்கத் தேவையில்லை, அதனால் அங்கே பதிவாகாது. அறிக்கையில் இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது. வருட வாடகை 1,44,000. அதே வருடம் நான் கட்டிய வீட்டு வரி 4,000-ஐக் கழித்தால் 1,40,000. அதில் பராமரிப்புக்கென 30 சதவீதம், அதாவது 42,000 போக மிச்சம் 98,000. பெயின்ட் அடித்த செலவைத் தனியாகக் கழிக்கப் பார்த்தேன், முடியாது. செலவு எவ்வளவு ஆனாலும் அந்த 30 சதவீதம்தான்.

அதிக நேரம் எடுத்தது மியூச்சுவல் ஃபண்டு. 2022 ஜூனில் மாதத் தவணையாகத் தொடங்கிய பங்குச்சந்தை ஃபண்டு எஸ்ஐபியை 2025 ஜனவரியில் முழுதாக விற்றேன். மூன்று வருடம் ஆகப்போகிறது, எல்லாமே நீண்டகால லாபம், வரி விலக்கு வரம்பான 1.25 லட்சத்துக்குள்தான் என்று நினைத்திருந்தேன். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணையும் தனித்தனி வாங்கலாகவே கணக்காகும். மூலதன லாப அறிக்கையில் தேதிவாரியாகப் பார்த்தால் கடைசி 12 தவணைகளுக்கு ஒரு வருடம் நிறையவில்லை. நீண்டகால லாபம் 38,400, வரி இல்லை. குறுகியகால லாபம் வெறும் 1,860 ரூபாய். ஆனால் அந்த 1,860 இருப்பதாலேயே ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-2 தான் போட வேண்டும். அதற்கு வரி 20 சதவீதம், 372 ரூபாய்.

எல்லாம் சேர்த்தபோது வரி, செஸ் உட்பட சுமார் 85,160. பிடித்தது 66,270. பாக்கி ஏறக்குறைய 18,890! 10,000-ஐத் தாண்டியதால், நிதியாண்டுக்குள்ளேயே தவணைகளாகக் கட்ட வேண்டிய முன்வரியைக் கட்டாததற்கான வட்டியும் ஏறியது. e-Pay Tax-இல் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டி, செலான் விவரம் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சமர்ப்பித்து, ஆதார் ஓடிபியால் சரிபார்த்தேன்.

இந்த வருடம் வாடகையையும் வட்டியையும் அலுவலகக் கணக்குப் பிரிவில் எழுதிக் கொடுத்து, சம்பளத்திலேயே வரியைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.