மைக்ரோமீட்டர் 12.002 என்கிறது, கம்பி 12.010 துளைக்குள் போகவில்லை: வி-பிளாக்கில் போட்டுப் பார்த்த அனுபவம்

ஓடக்கூடிய ஒரு சின்னத் தேயிலை ரோலர் மொடல் செய்துகொண்டிருக்கிறேன். ஹட்டன் பக்கத்தில் பெக்டரிக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொழுந்து உருட்டுகிற அந்த இயந்திரத்தின் மேல்பகுதியை மூன்று கிராங்க்தான் தாங்கிச் சுற்றிக்கொண்டு வரும். மூன்றும் ஒரே அளவாக, ஆட்டமில்லாமல் ஓட வேண்டும், ஒன்று இறுகினாலும் முழு மேல்பகுதியும் திக்கும். அதனால் கிராங்க் பின்னுக்கும் அது சுழலும் வெண்கல புஷ்ஷுக்கும் நடுவே 10 மைக்ரோன் அளவுக்குத்தான் இடைவெளி வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

பின்னுக்கு எடுத்தது கடையில் வாங்கிய 12 மி.மீ. சில்வர் ஸ்டீல் கம்பி, கிரைண்டிங் செய்து பளபளவென்று வருவது. மைக்ரோமீட்டரில் 12.002. கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சுற்றிலும் அளந்தேன், முனையிலும் நடுவிலும் அளந்தேன், எங்கேயும் ஒரு மைக்ரோனுக்கு மேல் மாறவில்லை. புஷ்ஷின் துளை 12.010. கணக்குப்படி 8 மைக்ரோன் இடைவெளியோடு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முனைகூட உள்ளே இறங்கவில்லை.

முதல் சந்தேகம் புஷ் மேல்தான் வரும். மூன்று ஜோ சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளை போட்டால், சக்கில் இருக்கும்வரை துளை உருண்டையாக இருக்கும், கழற்றியதும் சுவர் மெல்லியதாக இருந்தால் தன் இடத்துக்குத் திரும்பித் துளையே மூன்று மூலையாகிவிடும். அதைத் தீர்த்துக்கொள்ள, லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே ஒரு துண்டைப் பிடித்து 12.004க்குக் கடைந்து மெருகேற்றினேன். சென்டரில் கடைந்தது, அதனால் அதன் உருண்டையை நம்பலாம். கம்பியைவிட 2 மைக்ரோன் பெரிதான அந்தத் துண்டு அதே புஷ்ஷுக்குள் எண்ணெய் தொட்டதும் சுகமாக இறங்கியது. அப்போ கோளாறு புஷ்ஷில் இல்லை, கம்பியில்.

பெக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவிடம் இரண்டையும் காட்டினேன். கம்பியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மைக்ரோமீட்டர் ரெண்டு எடத்தத்தானே தொடுது, வி-பிளாக்குல போட்டு உருட்டிப் பாருப்பா" என்றார்.

அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. மைக்ரோமீட்டர் நேரெதிரான இரண்டு புள்ளிகளின் தூரத்தை மட்டும் சொல்லும். ஒரு வட்டத்தில் சம இடைவெளியில் மூன்று புடைப்பு இருந்தால், ஒவ்வொரு புடைப்புக்கும் நேரெதிரே ஒரு பள்ளம் வந்து நிற்கும். இந்தப் பக்கம் 6 மைக்ரோன் வெளியே தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் 6 மைக்ரோன் உள்ளே போயிருக்கும், கூட்டினால் மாற்றமே இல்லை. எத்தனை பக்கம் திருப்பினாலும் அதே 12.002தான். ஆனால் துளைக்கு இந்தக் கூட்டல் தெரியாது, அதற்குப் புடைப்புகள் மூன்றையும் சுற்றி வரைகிற வட்டம்தான் கம்பியின் அளவு.

சரி, வி-பிளாக், அதாவது V வடிவப் பள்ளம் வெட்டிய கட்டை. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 90 டிகிரிப் பள்ளம் உள்ளது, என்னிடமும் அதுதான் இருந்தது. அதிலும் மூன்று புடைப்பு தெரியும். ஆனால் 60 டிகிரியில் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதால் ஒரு வார்ப்பிரும்புத் துண்டில் 60 டிகிரி பள்ளம் வெட்டிக்கொண்டேன். கோணத்தை வைத்தது திரெட் வெட்டும் உளிக்குப் பிடிக்கிற சின்ன கேஜை வைத்துத்தான். அது போதும். கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் விடையில் 1 சதவீதம்தான் மாறும். கவனிக்க வேண்டியது பள்ளத்தின் இரண்டு முகங்களும் வழுவழுப்பாக, பிசிறில்லாமல் இருப்பதும், அடிமூலையில் அரம்வாளால் ஒரு கீறல் வெட்டி விடுவதும். மூலையில் சேர்கிற தூசியில் கம்பி உட்கார்ந்துவிட்டால் எல்லாம் வீண்.

60 டிகிரிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். கம்பி பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் தொடுகிற இடம் இரண்டு, மேலே ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயல் தொடுகிற இடம் ஒன்று. 60 டிகிரிப் பள்ளத்தில் இந்த மூன்று இடங்களும் சரியாக 120 டிகிரி இடைவெளியில் விழும். அதாவது ஒரு புடைப்பு டயலுக்கு நேராக வரும்போது மற்ற இரண்டு புடைப்புகளும் சுவர்களில் ஏறி நிற்கும். கீழே இரண்டு பக்கமும் 6 மைக்ரோன் ஏறினால், பள்ளம் ஒடுங்கலானது என்பதால் கம்பியின் நடுப்புள்ளி 12 மைக்ரோன் மேலே போகும். அதோடு மேல் புடைப்பின் 6. மொத்தம் 18. கம்பியை 60 டிகிரி திருப்பினால் மூன்று இடத்திலும் கம்பியின் பள்ளம் வரும், அதே 18 கீழே இறங்கும். ஆகவே முள் ஆடுகிற முழுத் தூரத்தை மூன்றால் வகுத்தால், பெரிய ஆரத்துக்கும் சிறிய ஆரத்துக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் வந்துவிடும்.

வைத்துப் பார்த்த விதம் இதுதான். தடித்த கண்ணாடித் தட்டின் மேல் பிளாக், ஸ்டாண்டில் 0.01 மி.மீ. கோடு போட்ட சாதாரண டயல், அதற்குத் தட்டை முனை. உருண்டை முனை என்றால் கம்பியின் உச்சிக் கோட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் பக்கவாட்டில் நழுவினாலும் வேறு கதை சொல்லும். கம்பியின் ஒரு முனைக்கு முன்னால் ஒரு பெயரிங் குண்டை ஒட்டி, அதில் முட்டியபடியே திருப்பினேன். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் திருப்பும்போது கம்பி முன்னும் பின்னும் நகரும், அதன் சரிவும் கீறலும் முள்ளில் கலந்துவிடும். மறுமுனையில் பெல்ட் பேனாவால் 30 டிகிரிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் கையை எடுத்துவிட்டு அளவைப் படித்தேன். விரல் அழுத்தம் முள்ளை எளிதாக இரண்டு மூன்று மைக்ரோன் தள்ளும், அதனால் கை வைத்தபடி படிப்பதில் அர்த்தமில்லை.

முள் ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு முழுச் சுற்றில் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம், ஏற்றங்கள் நான்கு கோட்டுக்கு ஒன்றாக வந்தன. ஆட்டம் மூன்றரைக் கோட்டுக்குச் சற்று மேல், 0.036 என்று எடுத்துக்கொண்டேன். மூன்றால் வகுத்தால் 0.012. அதாவது ஆரத்தில் 12 மைக்ரோன் ஏற்ற இறக்கம், நடு அளவிலிருந்து 6 வெளியே, 6 உள்ளே. புடைப்புகளைச் சுற்றிய வட்டத்தின் விட்டம் 12.002 + 0.012 = 12.014. அது 12.010 துளைக்குள் எப்படிப் போகும்?

இதை உறுதிசெய்ய அதே கம்பியை 90 டிகிரி பிளாக்கில் போட்டேன். மூன்று புடைப்புக்கு அங்கே மூன்று மடங்கு வராது, இரண்டு மடங்குதான். ஆட்டம் இரண்டரைக் கோட்டுக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 0.024. இரண்டால் வகுத்தால் மறுபடியும் 12 மைக்ரோன். ஏற்றங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறது, இரண்டு பிளாக்கின் விகிதமும் ஒத்துப்போகிறது, இனி சந்தேகப்பட இடமில்லை. சென்டரில் கடைந்த துண்டை 60 டிகிரியில் போட்டபோது முள் அரைக் கோடுகூட அசையவில்லை.

எங்கிருந்து வந்தது இந்தப் புடைப்பு? இப்படிப்பட்ட கம்பிகளை சென்டர்லெஸ் முறையில் கிரைண்ட் செய்வார்கள். கம்பியை யாரும் சென்டரில் பிடிப்பதில்லை, அரைக்கும் சக்கரத்துக்கும் திருப்புகிற சக்கரத்துக்கும் நடுவே ஒரு பட்டையின் மேல் அது சும்மா உருளும். கம்பியின் நடுப்புள்ளி சக்கரங்களின் நடுக்கோட்டிலேயே இருந்தால், ஒரு பக்கத்துப் புடைப்பு திருப்புகிற சக்கரத்தில் படும்போது நேரெதிரே பள்ளம் அரைபடும், விட்டம் மாறாமல் வடிவம் மட்டும் கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பார்கள். உயரம் சரியில்லாத இடத்தில் தயாரான கம்பிக்கு இந்த மூன்று மூலை வந்துவிடும், அங்கே மைக்ரோமீட்டரால் மட்டும் தரம் பார்த்தால் அது அப்படியே கடைக்கு வரும்.

கம்பியை எறியவில்லை. வார்ப்பிரும்பில் ஒரு பக்கம் பிளந்த வளையம் செய்து, மெல்லிய லேப்பிங் பேஸ்ட் பூசி, லேத் மெதுவாகச் சுழலும்போது கையால் முன்னும் பின்னும் இழுத்தேன். வளையம் சுற்றிலும் அணைத்துப் பிடிப்பதால் முதலில் புடைப்புகள்தான் தேயும். முழு உருண்டையாக்க வேண்டுமென்றால் பள்ளத்தின் அளவுக்கு, அதாவது 11.990 வரை இறங்க வேண்டும், அப்போது புஷ்ஷில் 20 மைக்ரோன் ஆட்டம் வந்துவிடும், எனக்கு அது அதிகம். ஆகவே நடுநடுவே கம்பியைக் கழுவி, ஆற விட்டு, பிளாக்கில் போட்டுப் பார்த்து, முள்ளின் ஆட்டம் 0.012க்கு வந்ததும் நிறுத்தினேன். ஆரத்தில் மீதி 4 மைக்ரோன். மைக்ரோமீட்டர் இப்போது 11.994 காட்டுகிறது, புடைப்புகளைச் சுற்றிய வட்டம் 11.998. புஷ்ஷுக்குள் 12 மைக்ரோன் இடைவெளியோடு போய் உட்கார்ந்து, விரலால் சுண்டினால் சுற்றுகிறது. மற்ற இரண்டு பின்களையும் இதே அளவுக்குக் கொண்டுவந்தாயிற்று.

ஆற விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே காலைக் குளிரில் கொட்டில் பனியாய் இருக்கும், லேப்பிங் செய்த கம்பி கைக்குச் சுடும். 12 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினால் ஒன்றரை மைக்ரோனுக்குக் கொஞ்சம் குறைவாகப் பெருக்கும். உருண்டையைப் பார்க்க இது பெரிதில்லை, ஆனால் திருப்பிக்கொண்டிருக்கும்போதே ஆறினால் முள் மெல்ல ஒரு பக்கமாக நகரும். அதனால் முதல் கோட்டுக்குத் திரும்பி வரும்போது முள் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். வராவிட்டால் அந்தச் சுற்றின் அளவுகள் எனக்கு வேண்டாம்.

60 டிகிரி பிளாக் இருக்கிறது என்று மைக்ரோமீட்டரை ஓரம் வைத்துவிடவும் முடியாது. முட்டை வடிவமாக நசுங்கிய கம்பியை 60 டிகிரியில் போட்டால் முள் அசையவே அசையாது, மேலே ஏறுவதைக் கீழே இறங்குவது சரிக்கட்டிவிடும், அதைக் காட்டுவது மைக்ரோமீட்டர்தான். ஐந்து புடைப்பு இருந்தால் மைக்ரோமீட்டரும் காட்டாது, 60 டிகிரியும் காட்டாது, 90 டிகிரி பிளாக் இரண்டு மடங்காகக் காட்டும். ஆக மைக்ரோமீட்டர், 60, 90 மூன்றிலும் பார்த்த பிறகே ஒரு கம்பியை எடுக்கிறேன். ஆனால் ஏழு புடைப்பு இந்த மூன்றிலும் தப்பிவிடும். அதற்கு 120 டிகிரிப் பள்ளம் வேண்டும், அங்கே அது இரண்டு மடங்காகத் தெரியும். அதே வார்ப்பிரும்பின் மிச்சத் துண்டில் அதையும் வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.