விலகிப் போகிற சைரன், ஏறிக் கேட்கிற எதிரொலி

டாப்ளர் விளைவில் எனக்குத் தெளிவு தந்தது ஒரே ஒரு கணக்கு. 2016 நீட் முதல் கட்டத் தேர்வில் வந்தது. 800 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் சைரன் ஒன்று, கேட்பவரிடமிருந்து விலகி, ஒரு செங்குத்துப் பாறையை நோக்கி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகிறது. பாறையில் பட்டுத் திரும்பும் எதிரொலி அவருக்கு எந்த அதிர்வெண்ணில் கேட்கும்? ஒலியின் வேகம் நொடிக்கு 330 மீட்டர்.

பழைய தாள்களைப் போட்டுப் பார்த்தபோது நான் 765 என்று குறித்தேன். கேள்வியில் 'விலகி' என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகச் சூத்திரத்தின் பகுதியில் கூட்டல் குறியைப் போட்டுவிட்டது. சரியான விடை 838. நான் கண்டுபிடித்த 765-ம் விடைகளில் ஒன்றாகவே இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை.

அதன்பிறகு சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு அலைகளை வரைந்து பார்த்தேன். சைரன் நின்றிருந்தால் அலைநீளம் 330-ஐ 800-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 41.25 சென்டிமீட்டர். ஓர் அலை புறப்பட்டு அடுத்த அலை புறப்படுவதற்குள் 1/800 நொடி ஆகிறது. அந்த நேரத்தில் சைரன் 1.875 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்துவிடுகிறது. ஆகவே முன்பக்கம் அலைகள் அவ்வளவு நெருங்கி 39.375 சென்டிமீட்டர் இடைவெளியில் போகின்றன. பின்பக்கம் அதே அளவு விலகி 43.125 ஆகின்றன. ஒரே சைரன்தான், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு அலைநீளம்.

இப்போது கேட்பவரை அந்தப் படத்தில் நிறுத்துங்கள். அவர் சைரனுக்குப் பின்னால் இருக்கிறார். நேராக அவரிடம் வருவது பின்பக்கத்து நீண்ட அலை, அதுதான் 765. எதிரொலியோ முன்பக்கம் புறப்பட்டுப் பாறைக்குப் போன குறுகிய அலை. பாறை நகரவில்லை, அதனால் வந்த அதிர்வெண்ணிலேயே திருப்பி அனுப்புகிறது. கேட்பவரும் நகரவில்லை. அப்புறம் அதிர்வெண் மாற வழியே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி 'சைரன் என்னிடமிருந்து விலகுகிறதா' என்பதல்ல, 'என் காதுக்கு வரும் அலை சைரனின் எந்தப் பக்கம் புறப்பட்டது' என்பதே.

கணக்கு போடும்போது 330-ஐ, 330-ல் 15 போக மிஞ்சும் 315-ஆல் வகுக்க உட்காராதீர்கள். இரண்டையும் 15-ஆல் வகுத்தால் 22/21 கிடைக்கும். 800-ல் 21-ல் ஒரு பங்கு சுமார் 38, அதைக் கூட்டினால் 838. பின்பக்கத்துக்கு 22/23. கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இந்தச் சுருக்கம் ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்துகிறது.

இதே கணக்கைக் கொஞ்சம் திருப்பி, சைரன் வண்டியை ஓட்டுபவருக்கு எதிரொலி எப்படிக் கேட்கும் என்றும் கேட்பார்கள். பாறையிலிருந்து வருவது 838 என்பது வரை மாற்றமில்லை. ஆனால் ஓட்டுநர் அந்த அலைகளை எதிர்கொண்டு போகிறார். அவர் நகர்வதால் அலைநீளம் மாறாது, நொடிக்கு அதிக அலைகளைச் சந்திக்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் கேட்பவரின் வேகம் தொகுதியிலும் மூலத்தின் வேகம் பகுதியிலும் வருகிறது:

```
f' = f (v + vo) / (v - vs)
   = 800 × 345/315
   = 800 × 23/21 ≈ 876 Hz
```

இந்தக் குறிகள், இருவரும் ஒருவரையொருவர் நெருங்கும்போது. எவர் விலகினாலும் அவருடைய குறியை மட்டும் மாற்றுங்கள். எதிரொலிக் கணக்கில் பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு பிம்பச் சைரன் ஓட்டுநரை நோக்கி வருவதாக நினைத்துக்கொண்டால் இரண்டு படிகளும் ஒரே வரியில் முடிந்துவிடும். எனக்கு அந்த வழி பிடிக்கும். ஆனாலும் முதல் பத்து கணக்குகளையாவது இரண்டு படியாகவே போடுங்கள், இல்லாவிட்டால் நகரும் சுவர் வரும்போது குழம்பும்.

வரைபடக் கேள்வியில் இன்னொரு தவறு நடக்கிறது. ஆம்புலன்ஸ் நெருங்க நெருங்க அதிர்வெண் ஏறிக்கொண்டே போவதாகப் பலர் சாய்கோடு வரைகிறார்கள். நெருங்கும்போது ஏறுவது ஒலியின் உரப்பு. அதே 800 ஹெர்ட்ஸ் சைரனோடு அதே 15 மீட்டர் சீரான வேகத்தில் நேர்க்கோட்டில் நம்மை நோக்கி வந்தால் அதிர்வெண் 838-லேயே நிற்கும். கடந்த கணத்தில் சட்டென்று 765-க்கு இறங்கும். நாம் சாலையோரம் கொஞ்சம் தள்ளி நின்றால் மட்டும் அந்த இறக்கம் வளைவாக மாறும். ஏனென்றால் அங்கே கணக்கில் வருவது வண்டியின் முழு வேகமல்ல, நம்மை நோக்கிய அதன் கூறு மட்டுமே. வண்டி நமக்கு நேர் எதிரே வந்த இடத்தில் அந்தக் கூறு சுழியம். அந்த இடத்தில் புறப்பட்ட ஒலி நமக்கு 800 ஹெர்ட்ஸாகவே கேட்கும்.