கூசும் கண்ணை எவ்வளவு திறக்கலாம்?

கொடைக்கானலில் எடுக்கும் குடும்பப் படங்களில் பாதிக்கு மேல் கண்கள் இடுங்கித்தான் இருக்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். காற்றில் தூசு குறைவு, வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சூரியனை ஆராய்வதற்கென்றே 1899இல் ஆய்வகத்தைத் தொடங்கிய மலை இது. ஆனால் உடம்புக்குக் குளிராக இருப்பதால் வெயில் உறைப்பது யாருக்கும் தெரிவதில்லை. சமவெளியில் என்றால் தானாக நிழலுக்கு ஒதுங்குவார்கள். இங்கே கோக்கர்ஸ் வாக்கில் மூட்டம் விலகியதும், வெயிலைத் தேடிப் போய் அதற்கு நேர் எதிரே வரிசையாக நின்று சிரிக்கிறார்கள்.

அந்தப் படங்கள் எங்கள் ஸ்டுடியோவுக்கு வரும்போது கூடவே ஒரு வரி வரும்: "கண்ணை மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்க." நான் இங்கே எடிட்டிங் பார்க்கிறவன். தோலைச் சரிசெய்வது, வானத்துக்கு நிறம் ஏற்றுவது எல்லாம் கை பழகிய வேலை. இந்தக் "கொஞ்சம்" ஒன்றில்தான் இன்னும் நிதானமாகப் போக வேண்டியிருக்கிறது.

அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதியைக் கூட்டிக்கொண்டு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஏரிக்கரையில் பதினொரு மணி வாக்கில் எடுத்த படம். எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள். நடுவில் நின்ற அம்மாவுக்கு மட்டும் கண் இரண்டும் கோடு மாதிரி இருந்தது. வீட்டுக் கூடத்தில் மாட்டப் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் பிரிண்ட் வேண்டும் என்று மகள் நேரிலேயே வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

போட்டோஷாப்பில் இதற்கென்று 2016 முதல் Face-Aware Liquify இருக்கிறது. முகத்தைத் தானே கண்டுபிடித்து, கண்ணுக்கு Eye Height, Eye Width என்று தனித்தனி ஸ்லைடர் தரும். எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கு முன்னாலேயே Eye Height-ஐ ஏற்றிக் காட்டினேன். பதினைந்தில், "நல்லா இருக்கே, இன்னும் கொஞ்சம் அண்ணா" என்றார். முப்பதில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னும் துளி" என்றார். நாற்பத்தைந்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ஐயோ, வேண்டாம். அம்மா எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்காங்க. இது அம்மாவே இல்ல." கண் இன்னும் அம்மாவின் கண்தான், வேறு எதையும் நான் தொடவில்லை.

எங்கே கெட்டது என்று பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதலாவது கருவிழி. உண்மையில் கண் திறக்கும்போது கருவிழி பெரிதாவதில்லை. இமைக்குப் பின்னால் மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஸ்லைடருக்கு மறைந்திருப்பது எதுவும் தெரியாது. இருப்பதை மேலும் கீழும் இழுக்கிறது. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவம் ஆகிவிடுகிறது. பார்க்கிறவர்களால் இதைச் சொல்லத் தெரியாது, ஆனால் உடனே உறுத்தும். சோதிக்க எளிய வழி உண்டு. நீள்வட்டத் தேர்வுக் கருவியை Shift பிடித்து இழுத்தால் சரியான வட்டம் வரும். அதைக் கருவிழியின் அகலத்துக்குப் பொருத்தி வைத்தால், இடது வலது ஓரங்கள் இரண்டும் அந்த வட்டத்தின் மேலேயே ஓட வேண்டும். விலகினால் இழுத்தது அதிகம்.

இரண்டாவது மேலிமை. கண்ணை இயல்பாகத் திறந்திருக்கும்போதுகூட மேலிமை கருவிழியின் உச்சியை ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மூடித்தான் இருக்கும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அது திகைப்பு அல்லது பயத்தின் முகம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சிரிக்கும் வாய்க்கு மேலே இமை மட்டும் தூக்கியிருந்தால் வாய் ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். மகள் சொன்ன பயம் அதுதான்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. வெயில். அம்மாவின் மூக்குக்குக் கீழே கத்தியால் வெட்டியது போல நிழல் விழுந்திருக்கிறது. புருவத்துக்கு அடியிலும் அப்படியே. முகத்தின் ஒளி உச்சி வெயில் என்கிறது. கண்ணோ திண்ணை நிழலில் உட்கார்ந்திருக்கிறவருடையதாக இருக்கிறது. அவ்வளவு வெளிச்சத்தில் எந்த மனிதக் கண்ணும் அப்படித் திறந்திருக்காது. அதனால் ஒரு படத்தில் கண்ணை எவ்வளவு திறக்கலாம் என்பதை முடிவு செய்ய நான் முதலில் மூக்கு நிழலைத்தான் பார்ப்பேன். நிழலின் ஓரம் மெத்தென்று கரைந்தால் தாராளமாகத் திறக்கலாம். கூர்மையாக இருந்தால் கை அடக்கம் வேண்டும்.

ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசஹிரோ மோரி 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். பொம்மையோ இயந்திரமோ மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஆனால் ஏறக்குறைய மனிதனே என்ற இடத்துக்கு வந்ததும் அந்தப் பிடித்தம் சட்டென்று சரிந்துவிடும் என்று அதில் சொன்னார். போன் ஃபில்டரில் கண்ணை நெல்லிக்காய் அளவுக்கு ஆக்கினால் யாரும் மிரளுவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தொண்ணூறு சதவீதம் உண்மையாக இருக்கும் படம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, அந்தப் படத்தை என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

ஸ்லைடரை முழுக்கப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, கண்ணை விட்டுவிட்டுப் புருவத்தில் தொடங்கினேன். வெயிலுக்குக் கண்ணை இடுக்கும்போதும், மனம்விட்டுச் சிரிக்கும்போதும் கண்ணைச் சுற்றியுள்ள அதே வட்டத் தசைதான் சுருங்குகிறது. கண் ஓரச் சுருக்கம் இல்லாத சிரிப்பு பொய்ச் சிரிப்பாகத் தெரியும் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862லேயே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே இடுங்கிய கண்ணை அப்படியே திறந்தால் வெயிலோடு சேர்த்துச் சிரிப்பையும் துடைத்துவிடுவோம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது புருவம். சிரிப்பில் புருவம் தளர்ந்திருக்கும். வெயிலில் அதன் உள்முனைகள் இறங்கி ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் செங்குத்தாக ஓரிரு கோடு விழும்.

அம்மாவுக்கு அந்தக் கோடுகள் ஆழமாகவே இருந்தன. லிக்விஃபையில் பெரிய பிரஷ் எடுத்துப் புருவத்தின் உள்முனைகளைச் சில பிக்சல் மட்டும் மேலே நகர்த்தினேன். நடுக் கோடுகளை வேறு லேயரில் அழித்து, அந்த லேயரின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்தேன். முழுதாக அழித்தால் நெற்றி மழுங்கிவிடும். இதற்குள்ளேயே மகள், "இப்போ கண்ணு திறந்திருக்கே" என்றார். கண்ணை நான் இன்னும் தொடவே இல்லை. பல படங்களில் வேலை இதோடு முடிந்துவிடும்.

இதில் முடியவில்லை. வெயில் படத்தின் இடப்பக்கத்திலிருந்து வந்ததால் அந்தப் பக்கக் கண் கூடுதலாக மூடியிருந்தது. கருவிழியின் அகலம் 64 பிக்சல். இடப்பக்கக் கண்ணில் தெரிந்த உயரம் 26, வலப்பக்கம் 32. இடதை 34க்கும் வலதை 38க்கும் கொண்டுபோவது என்று வைத்துக்கொண்டேன். இரண்டையும் சமமாக்கவில்லை. ஒரு பக்கம் வெயில் அடிக்கும் முகத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவாக இருந்தால் பொம்மைக் களை வந்துவிடும். ஸ்லைடரில் இரண்டு கண்ணையும் சேர்த்து ஓட்டும் சங்கிலிக் குறியை நான் எப்போதும் கழற்றியே வைத்திருப்பதும் அதனால்தான்.

அந்த எட்டு பிக்சலையும் ஆறு பிக்சலையும் பெரும்பாலும் கீழிமையிலிருந்தே எடுத்தேன். கூச்சத்தில் கீழிமை நன்றாக மேலே ஏறி வந்திருக்கும், அதை இறக்கினால் யாரும் திகைத்த மாதிரி ஆகமாட்டார்கள். மேலிமையை இரண்டு பிக்சலோடு விட்டேன். கண்ணுக்குக் கீழே சிரிப்பில் திரண்ட சதை அசையாமல் இருக்க Freeze Mask பூசிக்கொண்டேன். ஓரச் சுருக்கங்களைத் தொடவில்லை. இழுபட்ட கருவிழிக்கு, முதலிலேயே தனியாக எடுத்துவைத்த பழைய கருவிழியை மேலே போட்டு, விடுபட்ட இடத்தை மட்டும் வரைந்து நிரப்பினேன். நம்மவர்களின் கரும்பழுப்புக் கண்ணில் இது சுலபம். மேலிமையின் நிழல் விழும் இடம் ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும், அங்கே விவரம் எதுவும் தேவைப்படாது. புதிதாகத் தெரியவந்த வெள்ளையை மட்டும் மங்கலாக்க வேண்டும். பளிச்சென்று விட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முடித்ததும் படத்தை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தேன், பிறகு இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரே முகத்தைப் பெரிதாக்கி முக்கால் மணி நேரம் உற்றுப் பார்த்தால் எந்தக் கோணலும் பழகிவிடும். திருப்பினால் புது முகம் போலக் கண்ணில் படும். சிலர் தலைகீழாகத் திருப்பிச் சோதிப்பார்கள். நிறத்துக்கு அது சரி, கண்ணுக்கு உதவாது. 1980இல் பீட்டர் தாம்சன் என்ற உளவியலாளர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் தலைகீழாக ஒட்டிக் காட்டினார். நேராக வைத்தால் கோரம். முழுப் படத்தையும் கவிழ்த்தால் யாருக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. கவிழ்ந்த முகத்தில் நம் கண் அவ்வளவு ஏமாளி.

பிரிண்டைப் பார்த்த அந்த அம்மா கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நரையைக் கொஞ்சம் மறைச்சிருக்கலாமே தம்பி" என்று மட்டும் கேட்டார்.

இந்த வழியெல்லாம் கருவிழி ஓரளவாவது தெரியும் படங்களுக்குத்தான். கருவிழியின் நடுவிலுள்ள பாவையே தெரியாமல் முழுக் கோடாக இருந்தால் இழுக்க ஒன்றுமில்லை. அப்போது அதே இடத்தில், அதே நிமிடத்தில் எடுத்த வேறு ஃப்ரேமிலிருந்து கண்ணை எடுத்து வைக்க வேண்டும். "நிழல்ல எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு, அதுலேருந்து எடுங்க" என்று சிலர் அனுப்புவார்கள். நிழலில் பாவை விரிந்து, கருவிழியில் கறுப்பு கூடித் தெரியும். வெயிலிலோ அது சுருங்கி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடும், சுற்றிலும் பழுப்பு நிறம் தெரியும். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளியும் வெயிலில் கடுகளவு, நிழலில் ஜன்னல் மாதிரி அகலம். நிழல் கண்ணை வெயில் முகத்தில் வைத்தால் நாற்பத்தைந்தில் நிறுத்திய அந்த முகம் மறுபடி வந்து நிற்கும்.

அதனால் எங்கள் போட்டோகிராபரிடம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். குரூப்பை நிறுத்தியதும் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, மூன்று எண்ணித் திறக்கச் சொல்வார். திறந்த முதல் நொடியில் நாலைந்து ஃப்ரேம் தொடர்ந்து அடித்துவிடுவார். யாராவது ஒருவர் அதிலும் மூடிக்கொள்வார், ஆனால் ஐந்திலும் ஒரே ஆள் மூடுவது அபூர்வம். அப்படி ஐந்திலும் மூடியவருக்குக் கண் வரைந்து தரச் சொன்னால் மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. கூலிங் கிளாஸ் போட்ட படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன்.