வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்

எங்கள் கிளை நூலகத்தின் சிறுவர் பிரிவில் சனிக்கிழமை மதியம் நடக்கும் விளையாட்டு மன்றம் என் பொறுப்பில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். கடையில் வாங்கிய ஆட்டம் எதுவும் அங்கே கிடையாது. சொந்தமாக ஒன்றை உருவாக்கி, ஆடிப் பார்த்து, விதிகளைத் திருத்தி எழுத வேண்டும். பழைய தினசரிக் காலண்டரின் அட்டை, சட்டைப் பொத்தான், பகடை, பென்சில், ரப்பர் ஆகியவற்றைக் கொடுத்துவிடுவேன். ஸ்கெட்ச் பேனாக்கள் மட்டும் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். பூவும் மரமும் வரைந்து நிறம் தீட்டிய அட்டையில் ஒரு கட்டத்தை எடுத்துவிடச் சொன்னால் பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். பென்சில் கோடு என்றால் அழிக்கக் கை கூசாது.

முதலில் வருபவை பெரும்பாலும் பரமபதத்தின் தம்பி தங்கைகள்தான். ஒன்றிலிருந்து நூறு வரை கட்டங்கள், நடுவில் 'தொடக்கத்துக்குத் திரும்பு', 'இரண்டு முறை ஆடக் கூடாது' என்று தண்டனைகள். பிள்ளைகளுக்குத் தண்டனை எழுதுவதில் உள்ள உற்சாகம் வேறு எதிலும் இல்லை! நான் எதையும் தடுப்பதில்லை. "இதில் நீ யோசிக்கிற இடம் எது?" என்று மட்டும் கேட்பேன். பரமபதத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. பகடை சொன்னபடி காய் போகும். பக்கத்திலேயே ஆடுபுலி ஆட்டத்தையும் வரைந்து வைத்திருப்பேன். மூன்று புலி, பதினைந்து ஆடு, பகடையே கிடையாது, முழுக்க யோசனை. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கப்போகிறோம் என்பதைப் பிள்ளைகள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் செய்த 'டவுன் பஸ்' என்ற ஆட்டத்தைச் சொல்கிறேன். அட்டையைச் சுற்றி முப்பது நிறுத்தங்கள். ஆளுக்கு ஒரு பஸ், அதாவது ஒரு பொத்தான். ஆளுக்கு மூன்று பயணிச் சீட்டுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு நிறுத்தத்தின் எண். பகடையை உருட்டிப் பஸ்ஸை நகர்த்தி, பயணியை அவருடைய நிறுத்தத்தில் சரியாக இறக்கிவிட வேண்டும். மூவரையும் முதலில் இறக்குபவர் வென்றவர்.

தாயம் ஆடிப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் என்பதால், 1 விழுந்தால்தான் பஸ் கிளம்பும் என்றும் எழுதியிருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஒருத்தியின் பஸ் ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. மற்றவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் பாயில் குப்புறப் படுத்துக் காலண்டர் அட்டையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் நன்றாக இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் கேட்டால் "சூப்பர் மிஸ்" என்றுதான் பதில் வரும். தன் முறை இல்லாதபோது அவர்கள் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஆறு முறை உருட்டியும் 1 விழாமல் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு பேர் ஆடினால், ஐந்து ஆட்டங்களில் நான்கில் ஒருவராவது அப்படி மாட்டிக்கொள்வார். விதியை அவர்களே அடித்துவிட்டார்கள்.

அடுத்த சிக்கல் பெரியது. மணி அடித்து நூலகத்தைப் பூட்டும் நேரம் வந்தும் ஆட்டம் முடியவில்லை. ஒற்றைப் பகடையில் சராசரி நகர்வு மூன்றரைக் கட்டம். அதனால் சுற்றிவரும்போது ஒரு குறிப்பிட்ட நிறுத்தத்தில் சரியாக நிற்கும் வாய்ப்பு ஏழில் இரண்டுதான். ஒரு சுற்றுக்கே எட்டு ஒன்பது உருட்டல் ஆகும். ஒரே ஒரு பயணியை இறக்கச் சராசரியாக இருபத்தைந்து உருட்டலுக்கு மேல்! பயணி பாவம், ஊரையே சுற்றிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் நாலு பேரும் நாலு மருந்து சொன்னார்கள். மன்றத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு தடவைக்கு ஒரு விதியைத்தான் மாற்றலாம். மாற்றிய தாளின் மேல் 'பதிப்பு 2', 'பதிப்பு 3' என்று எண் போட வேண்டும். பழைய தாளைக் கிழிக்கக் கூடாது. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால், குணம் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. முதலில், நிறுத்தத்தைக் கடந்து போனாலே பயணி இறங்கிவிடலாம் என்று ஆடிப் பார்த்தார்கள். ஒரே சுற்றில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். முதலில் ஆடியவனே பெரும்பாலும் வென்றான். அதைக் கைவிட்டு, இரண்டு பகடைகளை உருட்டி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆக்கினார்கள். அதில்தான் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. வேண்டிய எண் விழும் வாய்ப்பு முப்பத்தாறில் ஆறிலிருந்து பதினொன்றாகக் கூடியது. அதைவிட முக்கியம், வேண்டியது விழாதபோதும் யோசிக்க வேண்டியிருந்தது. 5 போனால் நிறுத்தத்தைத் தாண்டிவிடும். 2 போனால் அடுத்த முறைக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து, அடுத்தவர் முறையிலும் தன் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. விதிகளைத் தாளில் எழுதி, ஆட்டத்தை அறியாத வேறு குழுவிடம் கொடுக்க வேண்டும். உருவாக்கியவர்கள் சுவரோரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். வாயைத் திறக்கக் கூடாது, சைகையும் கூடாது, குறிப்பு மட்டும் எழுதலாம். படிக்கிறவர்கள் சந்தேகம் கேட்டு நின்றுவிட்டால் பரவாயில்லை, ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். சந்தேகமே வராமல் தப்பாக ஆடிக்கொண்டு போகும் இடம்தான் ஆபத்து. அதை எழுதியவரால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். அதற்காகத்தான் அவர்களைச் சுவரோரம் உட்கார வைப்பது.

டவுன் பஸ் தாளில் ஒரு வரி இருந்தது: 'பயணியை இறக்கினால் இன்னொரு முறை ஆடலாம்.' எழுதியவர்கள் மனத்தில் இருந்தது, இரண்டு பகடைகளையும் மறுபடி உருட்டலாம் என்பது. படித்தவர்களோ கொஞ்சமும் தயங்காமல், மீதமிருந்த பகடையின் எண்ணுக்குப் பஸ்ஸை நகர்த்தினார்கள். சுவரோரம் இருந்த பையன் பாதி எழுந்துவிட்டான். "அழுகுணி ஆட்டம்!" என்று சொல்ல வந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

பின்னால் நடந்த சண்டை நல்ல சண்டை. மறுபடி உருட்டுவது வெறும் அதிர்ஷ்டம். மீதிப் பகடையை நகர்த்துவது என்றால் 4-இல் ஒருவரை இறக்கி, அங்கிருந்து 2 தள்ளி இன்னொருவரை இறக்கத் திட்டம் போடலாம். தப்பாகப் படித்ததே மேல் என்று கடைசியில் எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒரு வரி மூன்றானது: 'ஒரு பகடையால் பயணியை இறக்கினால், மற்றப் பகடையின் எண்ணையும் அதே முறையில் நகர்த்தலாம். வேண்டாம் என்றால் அங்கேயே நிற்கலாம். பகடைகளை மறுபடி உருட்டக் கூடாது.'

இந்த முறையில் ஒரு குறை உண்டு. அறியாத வாசகர்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். ஒரு தடவை ஆடியவருக்கு ஆட்டம் தெரிந்துவிடும். அதன்பின் அவர் தாளைப் படிக்க மாட்டார், ஞாபகத்திலிருந்து ஆடுவார். மன்றத்தில் எல்லோரும் ஆடி முடித்த பிறகு, பக்கத்து அறையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. டவுன் பஸ்ஸுக்கு ஓய்வுபெற்ற ஒருவர் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். முதல் உருட்டலிலேயே பஸ்ஸைப் பின்பக்கமாக ஓட்டி, இரண்டு கட்டம் தள்ளியிருந்த நிறுத்தத்தில் பயணியை இறக்கிவிட்டார். பிள்ளைகள் நால்வரும் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பஸ் எந்தத் திசையில் போக வேண்டும் என்று எந்தப் பதிப்பிலும் எழுதவே இல்லை. "விதியில் இல்லையே தம்பி" என்றார் அவர். வாதம் சரிதான் என்பதால் அந்தப் பயணி இறங்கியதாகவே கணக்கு வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். நவம்பரில் நூலக வார விழாக் கண்காட்சிக்காக ஸ்கெட்ச் பேனாக்களை வெளியே எடுத்தபோது, அட்டையின் நாலு மூலையிலும் அம்புக்குறி போடுவதுதான் அவர்கள் செய்த முதல் வேலை.