தலைப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில்: என் வீடியோவின் டப்பிங் நிலையைத் தேடிய கதை

தையல் மெஷின் பழுதுபார்ப்பதைப் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். ஒரு நாள் தோழி ஒருத்தி கேட்டாள்: "உன் வீடியோவை என் மருமகளுக்கு அனுப்பினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. தலைப்பு இங்கிலீஷில் இருக்கிறதே என்று திறந்தால் நீ தமிழில்தான் பேசுகிறாய். இங்கிலீஷ் குரலுக்கு எங்கே மாற்றுவது?"

என் போனில் திறந்து பார்த்தேன். 'அடியில் நூல் சுருளுதா? கோளாறு மேலே இருக்கு' என்று நான் வைத்த தலைப்பு அப்படியே தமிழில் இருந்தது. அவள் வேறு எதையோ பார்த்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அதே வீடியோ, ஆங்கிலத் தலைப்போடு.

என் கணக்கின் மொழி தமிழ். மொழிபெயர்த்த தலைப்பு, பார்ப்பவரின் மொழிக்கு ஏற்றபடி காட்டப்படுவது. அதனால் என் கணக்கில் எத்தனை முறை திறந்தாலும் எனக்குத் தமிழ்தான் வரும். கம்ப்யூட்டரில் தனிப்பட்ட விண்டோ ஒன்றைத் திறந்து, கணக்கில் நுழையாமல், யூடியூபின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். ஆங்கிலத் தலைப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்கு முன் நானே கைப்பட எழுதிச் சேர்த்தது அது, மறந்தே போயிருந்தேன். உங்கள் வீடியோ மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, உங்கள் சொந்தக் கணக்கை நம்பவே நம்பாதீர்கள்.

சரி, குரல்? அதே விண்டோவில், வீடியோவின் பல்சக்கர ஐகானைத் தட்டினேன். ஒன்றுக்கு மேற்பட்ட ஆடியோ இருந்தால் அந்தப் பட்டியலில் `Audio track` என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் மொழிகளும், எது மூலக் குரல் என்ற குறிப்பும் இருக்கும். என் வீடியோவில் அந்த வரியே இல்லை. விவரக் குறிப்பை முழுதாக விரித்தும் பார்த்தேன். இயந்திரம் டப் செய்த குரல் இருந்தால், அங்கே `How this was made` என்ற தலைப்பின் கீழ் `Auto-dubbed` என்று போட்டிருக்கும். அதுவும் இல்லை. ஆக, மருமகள் தேடிய ஆங்கிலக் குரல் பார்ப்பவர்கள் யாருக்குமே கிடைக்கவில்லை. தலைப்பும் டப்பிங்கும் தனித்தனிச் சமாச்சாரம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் 'கிடைக்கவில்லை' என்பதில் இரண்டு வகை உண்டு. டப் உருவாகவே இல்லாமல் இருக்கலாம். உருவாகி, பப்ளிஷ் ஆகாமல் காத்திருக்கலாம். பார்ப்பவரின் பக்கத்திலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் தெரிய யூடியூப் ஸ்டூடியோவுக்குள் போக வேண்டும்.

ஸ்டூடியோவில் இடப்பக்க மெனுவில் `Languages` என்று இருக்கும். அதற்குள் வீடியோவைத் தேர்ந்தெடுத்தால் மொழிக்கு ஒரு வரியாக அட்டவணை வரும். தலைப்பும் விவரமும், டப், சப்டைட்டில் என்று ஒவ்வொன்றின் நிலையும் தனித்தனியாக அதில் தெரியும். என் வீடியோவின் ஆங்கில வரியில் தலைப்பு பப்ளிஷ் ஆகியிருந்தது, டப்புக்கான இடம் காலியாக இருந்தது. அப்படியானால் காத்திருக்கும் டப் எதுவும் இல்லை, உருவாகவே இல்லை.

ஏன் என்று தேட அமைப்புகளுக்குப் போனேன். பதிவேற்றத்துக்கான இயல்புநிலைப் பகுதியில், மேம்பட்ட அமைப்புகளுக்குள் தானியங்கி டப்பிங்கை அனுமதிக்கும் கட்டம் இருக்கிறது. அதில் டிக் இல்லை. டிக் செய்தேன். பப்ளிஷ் ஆகும் முன் நானே சரிபார்க்க வேண்டும் என்ற தேர்வையும் சேர்த்துக்கொண்டேன். இதை எல்லாரும் செய்வது நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் ஒருமுறைகூடக் கேட்காத குரல் உங்கள் பெயரில் வெளியே போய்விடும். அப்புறம், அடுத்த வீடியோவை ஏற்றும்போது வீடியோ மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருக்கிறதா எனக் கவனமாகப் பார்த்தேன். அந்த இடத்தில் தவறுதலாக ஆங்கிலம் இருந்தால் மூலக் குரலே ஆங்கிலம் என்று ஆகிவிடும். பிறகு ஆங்கில டப்புக்கு வேலை ஏது?

புதிய வீடியோவும் நூல் இறுக்கத்தைப் பற்றியதுதான். ஏற்றிய உடனே டப் வந்துவிடாது, அது தயாராக நேரம் எடுக்கும். மறுநாள் `Languages` பக்கத்தில் பார்த்தேன். ஆங்கில வரியில் டப் இருந்தது, ஆனால் பப்ளிஷ் ஆகவில்லை, என் சரிபார்ப்புக்காகக் காத்திருந்தது. தனிப்பட்ட விண்டோவில் அதே வீடியோவைத் திறந்தேன். `Audio track` வரி இல்லை. முன்பு சொன்ன அந்த இரண்டாம் வகையை நேரில் பார்த்தது இப்படித்தான்.

ஸ்டூடியோவிலேயே கேட்டுப் பார்த்தேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 'மேல் நூலை எடுத்துட்டு மறுபடி கோர்த்துடுங்க' என்று நான் சொல்லும் இடத்தில் ஆங்கிலக் குரல் மேலே இருக்கும் புத்தகத்தை எடுக்கச் சொன்னது. தமிழில் நூல் என்றால் இழையும்தான், புத்தகமும்தான். பேச்சை எழுத்தாக்கி, அதை மொழிபெயர்த்து, பிறகு குரலாக்கும்போது, நடுவில் ஒரு சொல் பிசகினால் அது கடைசிவரை அப்படியே போகும். அந்த வீடியோவில் நான் நிமிடத்துக்கு நான்கைந்து முறை நூல் என்கிறேன். சில இடங்களில் சரியாக வந்தது, சில இடங்களில் புத்தகம். பாதி சரியாக இருப்பதுதான் இன்னும் மோசம், கேட்பவர் எதை நம்புவார்?

தானாக வந்த டப்பில் ஒரு சொல்லை மட்டும் திருத்த வழி இல்லை. கேட்கலாம், பப்ளிஷ் செய்யலாம், செய்ததைத் திரும்ப எடுக்கலாம், நீக்கலாம், அவ்வளவே. அதனால் அதை வெளியிடவில்லை. ஆங்கில சப்டைட்டிலை நானே உட்கார்ந்து எழுதினேன். பதினோரு நிமிட வீடியோவுக்கு ஒரு மாலை முழுவதும் போனது. இழை என்று வரும் ஒவ்வொரு இடமும் சரியாக இருக்கிறது என்ற நிம்மதி அதில் கிடைத்தது.

தலைப்பையும் மாற்றினேன். அதே அட்டவணையின் ஆங்கில வரியில், தலைப்பின் கடைசியில் 'தமிழ்ப் பேச்சு, ஆங்கில சப்டைட்டில்' என்ற பொருளில் நான்கு சொற்கள் சேர்த்தேன். தலைப்புக்கு 100 எழுத்துகள்தான் வரம்பு என்பதால் முன்பகுதியைக் கொஞ்சம் சுருக்க வேண்டியிருந்தது. பழைய வீடியோவுக்கும் சப்டைட்டில் எழுதி, தலைப்பில் இதையே செய்தேன்.

இப்போது எந்த வீடியோ ஏற்றினாலும் மறுநாள் ஸ்டூடியோவில் அட்டவணையைப் பார்க்கிறேன், பிறகு தனிப்பட்ட விண்டோவில் ஆங்கிலத்தில் திறந்து தலைப்பு, பல்சக்கரம், விவரக் குறிப்பு மூன்றையும் பார்க்கிறேன். சென்ற மாதம் மெஷினுக்கு எண்ணெய் விடுவது பற்றிப் பேசியதன் டப் நன்றாகவே வந்திருந்தது. நூல் என்ற சொல் அதில் ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் சரியாக. அதைப் பப்ளிஷ் செய்துவிட்டு, தோழியின் மருமகளுக்கு இணைப்பை நானே அனுப்பினேன். எண்ணெய் விட்ட பிறகு சத்தம் குறைந்துவிட்டது என்று பதில் வந்தது.